நாற்பத்தைந்து சென்ட்

சந்தேகம் எனக்குக் கூடப்பிறந்தது. கடைக்காரர் எடை போடும்போது தராசை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டேன். மீதிச் சில்லறையை வாசலிலேயே நின்று எண்ணுவேன். பாளையங்கோட்டையில் ஒரு வக்கீலிடம் கணினி வேலைக்குச் சேர்ந்தபோது, "நம்ம தொழிலுக்கு இதுதாம்மா வேணும்" என்று வக்கீலே மெச்சினார். அந்தப் புகழ்ச்சி என் தலைக்கு ஏறிவிட்டது.

ஆழ்வார்திருநகரிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். அங்கே நடந்த நில வழக்குக்காக ஊரின் நிலப் பதிவேட்டை ஸ்கேன் செய்து கொண்டுவந்திருந்தார்கள். பழைய பக்கங்களில் ஏக்கரும் சென்ட்டும். மறு அளவை முடிந்த பிறகு எழுதிய பக்கங்களில் ஹெக்டேரும் ஏரும். எல்லாவற்றையும் சதுர மீட்டராக்கி ஒரே பட்டியலாகத் தர வேண்டும் என்றார் வக்கீல்.

ஹெக்டேர் பக்கங்களைத்தான் நான் நம்பவில்லை. 0.42.5 என்று இரண்டு புள்ளி வைத்து எழுதியிருந்தார்கள். முதலில் ஹெக்டேர், அடுத்து ஏர். கடைசி 5 என்பது ஐந்து சதுர மீட்டர் இல்லை, அரை ஏர். ஓர் ஏருக்கு நூறு சதுர மீட்டர் என்பதால் அது ஐம்பது. ஆக மொத்தம் 4250. இதைக் கண்டுபிடித்த பெருமையில் ஏக்கர் பக்கங்களை வேகவேகமாக அடித்து, ஏக்கருக்கு 4046.86 சதுர மீட்டர் என்று பெருக்கி முடித்துவிட்டேன்.

அந்த 4250 வழக்கிலிருந்த ஓர் அக்காவின் வயல். ஊரார் வயலில் கூலிக்குப் போய்க்கொண்டே தன் துண்டு நிலத்தில் வாழை போட்டிருந்தார். அதே வயலுக்குப் பழைய பக்கத்தில் 1.5 ஏக்கர், அதாவது 6070 சதுர மீட்டர் என்று என் பட்டியல் காட்டியது. மறு அளவையில் 1820 குறைந்திருக்கிறது. நாற்பத்தைந்து சென்ட். எனக்கு ரத்தம் கொதித்தது. பக்கத்து வயல், ஊரில் பலசரக்குக் கடை வைத்திருந்த அண்ணாச்சிக்குச் சொந்தம். அவர்தான் விழுங்கியிருக்கிறார் என்று அந்த நிமிடமே முடிவுகட்டினேன்.

அக்கா அலுவலகத்துக்கு வந்தபோது, வக்கீலிடம்கூடக் கேட்காமல் அதைச் சொல்லிவிட்டேன்.

"அந்த அண்ணாச்சி மோட்டார்லதான் எங்க வாழைக்குத் தண்ணி பாயுது. துட்டுகூட வாங்கமாட்டாரு. அவரு அப்பிடிச் செய்யுத ஆளு இல்லம்மா" என்றார் அக்கா.

"சும்மா எதுக்குத் தண்ணி தாராருன்னு என்னைக்காவது யோசிச்சீங்களாக்கா?" என்றேன்.

அக்கா பட்டியலை ஒரு பிரதி எடுத்துத் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு போனார்.

பத்து நாள் கழித்து, அந்த இரண்டு வயலும் சேர்ந்த சர்வே எண்ணின் மொத்தப் பரப்பை வக்கீல் கேட்டார். கூட்டினேன். அக்காவுக்கு 1.5, அண்ணாச்சிக்கு 2.60, ஆக 4.10 ஏக்கர். பதிவேட்டில் மொத்தம் 3.65 என்று இருந்தது. மொத்தத்தையும் திருத்திவிட்டார்களா என்று படத்தைப் பெரிதாக்கி, அடித்து எழுதிய தடம் தேடினேன். ஒன்றும் இல்லை. அந்த 3.65 ஏக்கரைச் சதுர மீட்டராக்கினால் 14771. மறு அளவையில் இருவருக்கும் சேர்த்து 14750. நிலம் எங்கேயும் போகவில்லை. அண்ணாச்சியின் வயலும் ஒரு சென்ட்கூட வளரவில்லை. இதை நான் முதல் நாளே பார்த்திருக்கலாம், பார்க்கவில்லை.

அக்காவின் வரியைப் பெரிதாக்கினேன். ஏக்கர் கட்டத்தில் 1, சென்ட் கட்டத்தில் 5. நடுக்கோடு மங்கிப்போய், மிச்சமிருந்த ஒரு துணுக்கைப் புள்ளி என்று அடித்திருக்கிறேன். ஒன்றரை ஏக்கர் இல்லை, ஒரு ஏக்கர் ஐந்து சென்ட். 1.05 என்று அடித்ததும் 4249 வந்தது.

"நீ சொன்னது தப்புன்னு நீயே சொல்லு" என்றார் வக்கீல். அக்காவை வரவழைத்து, பதிவேட்டின் இரண்டு பக்கங்களையும், திருத்திய பட்டியலையும் மேசையில் விரித்துக் காட்டினேன். என் தப்பு என்று இரண்டு தடவை சொன்னேன்.

"நாலு பேரு முன்னால அண்ணாச்சிய நாக்கப் பிடுங்கிக்கிடுத மாதிரி கேட்டுட்டேன். அவரு எங்க வாழைக்குத் தண்ணி வார குழாயக் கழட்டிட்டாரு. வாழ குலை தள்ளுத நேரம்" என்றார் அக்கா.

"நான் வந்து அவர்கிட்ட பேசுதேன்க்கா."

அக்கா மடித்து வைத்திருந்த பழைய பிரதியை எடுத்துப் புதிய தாளுக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அன்னைக்கு ஒண்ணரைன்னீய. இன்னைக்கு இல்லங்கீய. நடுவுல அண்ணாச்சி இங்கன வந்தாராம்மா?"

வரவில்லை என்றேன். அக்கா நம்பவில்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.