ஊசிக்கு முன்னால் அம்முலு சொன்னது

அம்முலுவை நான் முதன்முதலில் பார்த்தபோது அவர் ஒரு குட்டி யானை லோடு வண்டியின் பின்பக்கத்தில், காலி கோணிகளின் மேல், புருஷன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உத்திரமேரூரில் நான் வேலை பார்க்கும் அரசு ஆஸ்பத்திரி வாசலில் வண்டி வந்து நின்றது. காலை நாஷ்டா நேரம் முடிந்து வெளிநோயாளிகள் வரிசை நீண்டிருந்தது. வண்டியில் வந்த ஆண்கள் இருவர் அந்த ஆளை இறக்கி நடக்கவைக்கப் பார்த்தார்கள். நடக்கவிடாதீர்கள் என்று சொல்லி ஸ்ட்ரெச்சரை இழுத்துக்கொண்டு போனேன்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள் நான். பி.எஸ்சி. நர்சிங். அந்தப் பட்டத்தில் எனக்கு இருக்கிற பெருமையை நான் மறைப்பதில்லை. ஆனால் இது என் கதை இல்லை.

புருஷன் பெயர் முனிரத்தினம், நாற்பத்தைந்தைத் தாண்டியவர். ஒரு நெல் வியாபாரியின் கிடங்கில் மூட்டை தூக்குகிறவர். அதே கிடங்கில் அம்முலு கோணி ஊசியும் சணலுமாக மூட்டை வாய் தைப்பவர். கூட வந்தவர்களில் ஒருவர் பாண்டியன், தூக்குகிறவர்களுக்கு மேஸ்திரி. இன்னொருவர் பெஞ்சமின், முனிரத்தினத்தோடு ஜோடி சேர்ந்து மூட்டை ஏற்றுகிறவர்.

விடிந்ததும் லாரிக்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தபோது நெஞ்சு நடுவில் அழுத்தியிருக்கிறது. கேஸ் என்று நினைத்து கோலி சோடா வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். லாரி நிழலில் படுக்கவைத்திருக்கிறார்கள். சட்டை நனைந்து முகம் வெளுத்த பிறகுதான் அம்முலு ஊசியைப் போட்டுவிட்டு வண்டி பிடிக்கச் சொன்னார். அதற்குள் ஒன்றரை மணி நேரம் போயிருந்தது.

ஈசிஜி எடுத்தேன். நெஞ்சின் முன்பக்கத்தைக் காட்டும் கோடுகள் ஏறிய மேட்டிலிருந்து இறங்காமல் நின்றன. டாக்டர் சுலோச்சனா ஒரு பார்வைதான் பார்த்தார். ஆஸ்பிரினைக் கடித்து மெல்லக் கொடுக்கச் சொன்னார். ஈசிஜியைப் படமெடுத்துப் பெரிய ஆஸ்பத்திரி இதய மருத்துவருக்கு அனுப்பினார். உடனே பதில் வந்தது: இதயத்தின் முன்பக்க ரத்தக்குழாய் முழுசாக அடைத்திருக்கிறது.

குழாய்க்குள் கம்பி விட்டு அடைப்பைத் திறக்கும் கேத் லேப் இருந்தால் அதுதான் முதல் வழி. நோயாளியை முதலில் பார்த்த நேரத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் அங்கே திறந்துவிட முடியுமென்றால் நேரே அனுப்பிவிடுவோம். அன்றைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு லேப் பழுதுபார்ப்பில் இருந்தது. அடுத்தது சென்னையில். சாலையும் நெரிசலும் உள்ளே போய் மேஜையில் ஏற்றுவதும் சேர்ந்தால் மூன்று மணி நேரம் ஆகிவிடும். அவ்வளவு நேரம் இதயத் தசை காத்திருக்காது. இப்படிப்பட்டவர்களுக்குத்தான் குழாயை அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி. வலி தொடங்கிப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் போடலாம். முதல் இரண்டு மூன்று மணி நேரத்தில் போட்டால்தான் முழுப் பலன். முனிரத்தினம் அந்த நல்ல நேரத்துக்குள் இருந்தார்.

எடைக்குத் தக்கபடி மருந்தின் அளவு மாறும். எடை கேட்டேன். "நெல்லு தராசுல ஏறி நின்னாரு சார், போன வாரம். அறுபத்திரெண்டு," என்றார் பெஞ்சமின். கூடவே, "மூட்டையவிட ஒண்ணும் பெருசு இல்ல, அதான் தூக்க ஈசியா கீது," என்று ஒரு கிண்டல். முனிரத்தினம்கூட வலியோடு உதட்டைக் கோணினார். நான் பொடி மருந்தில் நீரை விட்டு, குலுக்காமல் மெதுவாகச் சுழற்றிக் கரைத்தேன். சிரிஞ்சில் ஏற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஒரே தள்ளலில் உள்ளே போகவேண்டிய மருந்து அது. உள்ளே போய்விட்டால் திரும்ப எடுக்க முடியாது.

அதனால் போடுவதற்கு முன் கேட்டே ஆகவேண்டிய கேள்விகள் உண்டு. டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டார். எப்போதாவது மூளையில் ரத்தக்கசிவு வந்ததா? மூன்று மாதத்துக்குள் கை கால் இழுத்துக்கொண்டதா? ஆபரேஷன்? ரத்த வாந்தி, கருப்பாக மலம்? முதுகைக் கிழிக்கிற மாதிரி வலி உண்டா? இரண்டு கையிலும் ரத்த அழுத்தம் பார்த்தாயிற்று, சரியாக இருந்தது. எல்லாவற்றுக்கும் பாண்டியன்தான் முந்திக்கொண்டு இல்லை இல்லை என்றார். மூன்று மாதத்துக்குள் தலையில் அடி பட்டதா, எங்காவது விழுந்தாரா என்று கேட்டபோதும் அதே வேகத்தில், "அதெல்லாம் ஒண்ணும் இல்ல மேடம்." பெஞ்சமினும் தலையாட்டினார். முனிரத்தினமும் கண்ணை மூடிக்கொண்டே இல்லை என்றார்.

டாக்டர் சம்மதம் கேட்க அம்முலு பக்கம் திரும்பினார். முதலில் அம்முலுதான் கேட்டார்: "மேடம், இந்த மருந்து நெஞ்சுக்கு மட்டும் போவுமா, ஒடம்பு பூரா போவுமா?"

"உடம்பு முழுக்கத்தான்மா போகும். எங்கெல்லாம் ரத்தம் உறைஞ்சு காயம் மூடியிருக்கோ, அதையும் திறந்துவிடும். அதான் இவ்ளோ கேக்கறேன். நூறு பேருக்குப் போட்டா ஒருத்தருக்கு மூளையில கசியலாம். மத்தவங்களுக்கு நல்லது பண்ணும். பயப்படாதீங்க."

அம்முலு புருஷனைப் பார்த்தார், பிறகு மேஸ்திரியை.

"வியுந்தாரு மேடம். மூணு வாரம் ஆவுது. லாரிக்குப் போட்ட பலகையிலேர்ந்து மல்லாக்க."

பாண்டியன் முகம் சுருங்கியது. "ஏம்மா, இப்ப இன்னாத்துக்கு அத எடுக்கற? ஊசி போடட்டும், வுடு."

"சும்மா கெட," என்றார் முனிரத்தினம், மூச்சுக்கு நடுவில்.

"நீ சும்மா கெட. நெனவு இல்லாம கெடந்தியே, அது உனுக்கு எப்டி தெரியும்? நான்தான பாத்துக்கினு இருந்தேன்."

பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டது இது. பலகை வழுக்கி, பின்மண்டை லாரியின் இரும்புக் கதவில் மோதியிருக்கிறது. ஒரு பீடி பிடித்து முடிக்கிற நேரம் நினைவில்லை. அன்றைக்கும் மறுநாளும் வாந்தி. தலைவலி இன்றுவரை இருக்கிறது, மெடிக்கலில் மாத்திரை வாங்கி ஓட்டுகிறார். யாரும் வெளியே சொல்லவில்லை. அந்தக் கும்பலில் அப்படித்தான் வழக்கம். விழுந்தவன் என்று தெரிந்தால் வியாபாரி அவனை நிறுத்திவிடுவார். அதனால் விழுந்தவன் பங்கு மூட்டைகளை மற்றவர்கள் தூக்கி, அவன் கூலியை அவனுக்கே கொடுத்து, தேறும்வரை மறைத்துவிடுவார்கள். முனிரத்தினத்துக்கும் அப்படியே செய்தார்கள். பாண்டியனுக்கே ஒருமுறை அப்படி மறைத்திருக்கிறார்கள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரியில் கேட்டபோதும் வாய் பழக்கத்தில் அதையே சொன்னது.

டாக்டர் என் கையைப் பார்த்து, கீழே வைக்கச் சொன்னார். சிரிஞ்சைத் தட்டில் வைத்தேன்.

நினைவு தப்பும் அளவுக்குத் தலையில் அடிபட்டு மூன்று மாதம் ஆகவில்லை என்றால் இந்த ஊசி கூடாது. எங்களிடம் தலை ஸ்கேன் இல்லை. டாக்டர் அந்த இதய மருத்துவரிடம் மறுபடி பேசினார். ஊசி வேண்டாம், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரினும் இப்போது வேண்டாம், க்ளோபிடோக்ரல் மாத்திரையும் மற்ற மாத்திரைகளும் கொடுத்துச் சென்னைக்கு அனுப்புங்கள், மேஜையைத் தயாராக வைக்கச் சொல்கிறேன் என்றார் அவர். மூன்று மணி நேரம் கூடுதல் என்று எல்லோருக்கும் தெரியும். அதை டாக்டர் அம்முலுவிடமும் மறைக்கவில்லை. இதயம் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுக்கொண்டே வரும், வழியில் நின்றுகூடப் போகலாம் என்றார். அம்முலு தலையாட்டிவிட்டு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார்.

108 வண்டியில் நானும் போனேன். டிரைவர் பக்கத்தில் அம்முலு. வாலாஜாபாத் தாண்டும்வரை முனிரத்தினம் பேசிக்கொண்டு வந்தார். பேச்சு எல்லாம் இனி வேலை போய்விடும் என்பது பற்றித்தான். ஒரகடத்தில் கண்டெய்னர் லாரிகள் அடைத்து நின்றன. சைரன் அலறிக்கொண்டிருக்க, வண்டி அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. மானிட்டரில் கோடு திடீரென்று கிறுக்கியது. அவர் கண் செருகியது. வண்டியில் இருந்த மருத்துவ உதவியாளர் நெஞ்சில் கை வைத்து அழுத்தத் தொடங்கினார். நான் ஷாக் மெஷினின் பட்டைகளை ஒட்டினேன். எல்லோரும் விலகி ஒரு ஷாக் கொடுத்தோம். உடம்பு தூக்கிப்போட்டது. மறுபடி அழுத்தினோம். கோடு முதலில் ஒன்று, பிறகு இன்னொன்று என்று ஒழுங்காக வரத் தொடங்கியது. "இன்னா பண்ணீங்க, மார்ல யாரு குத்தனது," என்று அவர் முனகினார்.

நடுக் கண்ணாடி வழியே அம்முலு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். கத்தவில்லை. டிரைவரிடம் மட்டும், "நீ ரோட்ட பாருப்பா," என்றார்.

சென்னையில் முதலில் தலை ஸ்கேன். ரத்தம் எதுவும் இல்லை. தலை சுத்தமாக இருந்தது. அதன்பிறகு கம்பி விட்டு அடைப்பைத் திறந்து ஸ்டென்ட் வைத்தார்கள். வலி தொடங்கி ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. உயிர் தப்பியது. ஆனால் முன்பக்கத் தசை நிறையப் போய்விட்டது. இதயம் ஓர் அழுத்தலில் வெளியே தள்ளவேண்டிய ரத்தத்தில் பாதியைத்தான் தள்ளுகிறது.

அந்த ஸ்கேன்தான் அம்முலுவுக்கு வினையாக வந்தது. தலையில் ஒன்றுமே இல்லை என்றால் ஊசி போட்டிருக்கலாமே, காலையிலேயே அடைப்பு கரைந்திருக்குமே என்று ஊரில் பேச்சு. மாமியார் கோவிந்தம்மாள் தெருவில் நின்றே சொன்னாராம், என் புள்ள நெஞ்ச பாதி ஆக்கினவ இவதான், வாய மூடிக்கினு இருந்தா மூட்ட தூக்கிக்கினு இருப்பான் என்று. பாண்டியனும் அதைத் தப்பு என்று சொல்லவில்லை. விழுந்த கதை வியாபாரி காதுக்குப் போனதும் அம்முலுவின் தையல் வேலையும் போயிற்று.

ஒருநாள் மாத்திரை வாங்க வந்தபோது அம்முலு என்னையே கேட்டுவிட்டார். "நெசமா சொல்லு தம்பி. போட்டிருந்தா நல்லாயிருந்திருப்பாரா?"

இருந்திருக்கலாம் என்றுதான் சொன்னேன். பொய் சொல்ல முடியவில்லை. தலை சுத்தம் என்று மத்தியானம்தான் தெரிந்தது. காலையில் நம்மிடம் இருந்தது நினைவு தப்பின ஆளும் ஓயாத தலைவலியும் மட்டும்தான். தெரிந்துகொண்டு அந்த ஊசியை எந்த டாக்டரும் போடமாட்டார் என்றும் சொன்னேன்.

கொஞ்ச நேரம் மாத்திரைப் பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப அந்த டாக்டரம்மா கேட்டப்ப நான் சொன்னதுதான் சரி. வியுந்தத பாத்துட்டு வியலன்னு சொல்லி, ரத்தம் மண்டையில கட்டிக்கினு செத்துருந்தா, அத யார்கிட்ட போயி சொல்வேன்? எங்க மாமியாகிட்டயா?" கோபமாகத்தான் சொன்னார். சொல்லி முடித்ததும் சிரித்துவிட்டார்.

பெஞ்சமின் மட்டும் இன்னும் அம்முலு வீட்டுக்குப் போய்வருகிறார். கிடங்கில் யாராவது விழுந்தால் இப்போதும் மறைக்கிறார்கள். ஆனால் வீட்டுப் பெண்களிடம் சொல்லிவிடுகிறார்கள் என்று அவர்தான் என்னிடம் சொன்னார்.

முனிரத்தினம் தெருக்கோடியில் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் காவலாக இருக்கிறார். வேகமாக நடந்தால் மூச்சு வாங்குகிறது. அம்முலு மானாம்பதி பக்கம் வேறொரு களத்தில் மூட்டை வாய் தைக்கிறார்.