கால் வாட் ரெசிஸ்டர்

ஒரகடத்தில் கார்களுக்கான வயர் கட்டுகள் செய்யும் கம்பெனியில் நான் மெயின்டனன்ஸ் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஊர் சாத்தூர் பக்கம். குன்றத்தூரில் இன்னும் மூன்று பெண்களோடு ஒரு ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறேன். கம்பெனி பஸ்ஸில் எனக்குப் பக்கத்து சீட்டில் வருகிற அக்காவுக்கு மணிமங்கலம். டெஸ்டிங் லைனில் அவர் ஆபரேட்டர். முடித்த வயர் கட்டுகளை மின்சாரம் பாயும் சோதனைப் பலகையில் மாட்டி, எல்லா இணைப்பும் சரியா என்று பார்த்து அனுப்புவது அவர் வேலை.

போன வருஷம் அந்த அக்கா முழுகாமல் இருந்தார். கல்யாணமாகி ரொம்ப நாள் கழித்து வந்த பிள்ளை. லைனில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆளாளுக்கு மாங்காய், நெல்லிக்காய் என்று டிபன் பாக்ஸில் கொண்டுவந்து கொடுப்பார்கள்.

அந்தச் சமயத்தில்தான் அவர் வாடை வருவதாகச் சொல்ல ஆரம்பித்தார்.

"இன்னாமோ கருகுது கண்ணு. என் பலகைகிட்ட குனிஞ்சா மூக்குல ஏறுது. வார்னிஷ் தீயுற மாதிரி கீது."

லைன் சூப்பர்வைசர் சிரித்தார். நல்ல மனுஷர்தான். "மசக்கையில எல்லா நாத்தமும் பெருசாத்தான்மா தெரியும். என் வூட்டுல சோப்பு நாத்தத்துக்கே ஓடுவாங்க" என்றார். எங்கள் பிரிவிலிருந்தும் ஒருவர் போய்ப் பார்த்தார். அவர் போனது சாப்பாட்டு இடைவேளையில். பலகைகளை அப்போது ஆஃப் செய்திருப்பார்கள். தொட்டுப் பார்த்து, மோந்து பார்த்து, ஒன்றும் இல்லை என்று வந்துவிட்டார்.

அக்கா மறுபடி மறுபடி சொல்லவும், அடுத்த வாரத்திலிருந்து அவரைப் பேக்கிங்குக்கு மாற்றிவிடலாம் என்று சூப்பர்வைசர் முடிவு செய்தார். அங்கே ஷட்டர் திறந்திருக்கும், காற்று வரும் என்று அவர் நினைத்தார். ஆனால் பேக்கிங்கில் நாள் முழுக்க நிற்க வேண்டும். டெஸ்டிங்கில் நாற்காலி உண்டு.

சாயங்காலம் பஸ்ஸில் அக்கா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார். படப்பை தாண்டும்போது சொன்னார்.

"நிக்கறது கூட பரவால்ல. நான் சொன்னத ஒருத்தரும் காதுலயே போட்டுக்கலியே. வயித்துல புள்ள இருந்தா மூக்கு பொய் சொல்லுமா?"

"நாளைக்கு லைன் ஓடுற நேரத்துல நான் வந்து பாக்கேன்க்கா" என்றேன்.

மறுநாள் டீ இடைவேளைக்கு முன்னால் போனேன். அக்கா வேலையை நிறுத்தவில்லை. நான் அவர் தோளுக்குப் பக்கத்தில் குனிந்தேன். பின்னாலிருந்து அடிக்கிற ஃபேன் காற்றில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. முகத்தைப் பலகைக்குக் கிட்டே கொண்டுபோனதும் தெரிந்தது. லேசான கருகல் வாடை. பலகை ஓரத்தில், பவர் லேம்ப் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் பெட்டியிலிருந்து வந்தது. ஷிஃப்ட் முழுக்க அந்தச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்.

மூடியைக் கழற்றினேன். உள்ளே ஒரு எல்இடி, அதோடு தொடராக, கரண்டைக் குறைத்து விடுவதற்கு ஒரே ஒரு ரெசிஸ்டர். அரிசியைவிடக் கொஞ்சம் பெரிய, கால் வாட் சைஸ். உடம்பு பழுப்பேறி, நிற வளையங்கள் அடையாளம் தெரியாமல் போயிருந்தன. அதன் இரண்டு முனையிலும் மீட்டரை வைத்தேன். இருபத்திரண்டு வோல்ட் காட்டியது. பிறகு சப்ளையை அணைத்து, அதன் ஒரு கம்பிக் காலைக் கழற்றி அளந்தேன். சுமார் ஆயிரம் ஓம்.

மெயின்டனன்ஸ் இன்சார்ஜ் சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் நம்பவில்லை.

"எல்இடி எடுக்கறது மில்லி ஆம்பியர் கணக்கும்மா. அதுல என்ன சூடு வந்துடப் போகுது?"

"கரண்ட் கம்மிதான் சார். ஆனா வோல்டேஜ் அதிகம். இருபத்திரண்டை இருபத்திரண்டால பெருக்கி ஆயிரத்தால வகுத்தா, கிட்டத்தட்ட அரை வாட் வருது. அது கால் வாட் தாங்கற ரெசிஸ்டர்."

அவர் போனை எடுத்து அவரே கணக்குப் போட்டுப் பார்த்தார். பிறகு, "முன்னாடி பன்னெண்டு வோல்ட் சப்ளை இல்ல?" என்றார்.

ஆமாம். புது சென்சார்களுக்காக, கம்பெனி மூடியிருந்த ஷட்டவுன் சமயத்தில் லைன் முழுவதையும் இருபத்துநாலு வோல்ட்டுக்கு மாற்றியிருந்தோம். அதற்கு முன்னால் எல்இடிக்கு இரண்டு வோல்ட் போக ரெசிஸ்டருக்குப் பத்து வோல்ட்தான். பத்தைப் பத்தால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் வெறும் பத்தில் ஒரு பங்கு வாட். கால் வாட் ரெசிஸ்டர் அதைச் சுலபமாகத் தாங்கும். சப்ளை இரண்டு மடங்கானதும் சூடும் இரண்டு மடங்காகத்தான் ஆகியிருக்கும் என்று தோன்றும். ஆனால் ஏறியது ஏறக்குறைய ஐந்து மடங்கு. விளக்கு முன்னைவிடப் பளிச்சென்று எரிகிறது என்று சந்தோஷப்பட்டோமே தவிர, யாரும் அந்தப் பெட்டியைத் திறக்கவில்லை.

"ஸ்டோர்ல ரெண்டாயிரத்து இருநூறு ஓம் கால் வாட் கொஞ்சம் இருக்கு சார். போட்டா பாய்ன்ட் டூ டூ வாட்தான். கால் வாட்டுக்குக் கீழதான் வருது" என்றேன்.

சார் தலையை ஆட்டினார். "கணக்குல கீழ இருக்கு. ஆனா மூடின பெட்டி, வெயில் காலம். விளிம்புல நிக்கவெச்சுட்டுப் போகக் கூடாது. பாதிக்குக் கீழ கொண்டு வா."

அரை வாட் தாங்குகிற ரெசிஸ்டர் ஸ்டோரில் இல்லை. வாங்கி வர ஆள் அனுப்ப வேண்டும். அதுவரை அக்காவின் பலகையை நிறுத்தி வைப்பதா? பழைய ஆயிரம் ஓம் ரெசிஸ்டர் டப்பா மேஜையில் கிடந்தது. அதைப் பார்த்ததும்தான் தோன்றியது. ஒன்றுக்குப் பதில் இரண்டைத் தொடராகப் போட்டால் ஆளுக்குப் பதினோரு வோல்ட். ஒவ்வொன்றிலும் எட்டில் ஒரு பங்கு வாட் கூட வராது. தாங்கக்கூடியதில் பாதிக்கும் கொஞ்சம் கீழே. விளக்கும் பழைய வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

"அப்படியே போடு" என்றார் சார். "மத்த பலகையையும் திற."

திறந்தோம். எல்லாவற்றிலும் அதே ரெசிஸ்டர். சிலது லேசாக நிறம் மாறியிருந்தது. ஒன்றில் அடியிலிருந்த போர்டே கறுத்துப் போயிருந்தது. அந்தப் பலகையில் உட்கார்ந்திருந்தவர் பாவம், ஜலதோஷக்காரர், அவருக்கு எதுவுமே தெரியவில்லை. ஒவ்வொரு பலகையாக நிறுத்தி, நானும் இன்னொருவரும் சால்டர் செய்து முடித்தோம்.

சூப்பர்வைசரிடம் கருகின ரெசிஸ்டரைக் காட்டினேன். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தவர், நேராக அக்காவிடம் போனார்.

"நீ சொன்னதுதான்மா கரெக்டு. நான்தான் வெளையாட்டா எடுத்துக்கினேன். பேக்கிங்லாம் வேணாம், இங்கயே இரு."

அக்கா அவரைப் பார்க்கவில்லை. "சரி சார்" என்று மட்டும் சொன்னார். சூப்பர்வைசர் கருகின ரெசிஸ்டரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த பலகைக்குப் போனார்.

சாப்பாடு முடிந்து லைன் ஓட ஆரம்பித்து வெகு நேரம் கழித்து, இன்சார்ஜ் சார் என்னையும் கூட்டிக்கொண்டு வந்தார். அக்காவின் பெட்டிமேல் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு கொஞ்சம் தயங்கி, "நீயும் ஒரு தடவை பாத்துடும்மா. வாடை வருதா?" என்று கேட்டார்.

அக்கா நாற்காலியில் இருந்தபடியே, வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு மெதுவாகக் குனிந்தார். கண்ணை மூடி நிதானமாக மூச்சை இழுத்தார். நாங்கள் இருவரும் காத்துக்கொண்டு நின்றோம்.

"இல்ல சார். இப்ப நல்லாக் கீது" என்று சொல்லிவிட்டு, அடுத்த வயர் கட்டை எடுத்து மாட்டினார்.