ரெஃபரன்ஸ் கேட்கப் போய்ப் படுத்த கதை

அந்த ஆஸ்பத்திரியில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நடக்க வேண்டிய இடத்துக்கும் ஓடியே போவதால் வார்டு முழுக்க அவள் 'ஓட்டம்'. இதயப் பிரிவில் மூன்று வருடம் டியூட்டி டாக்டராக ஓடியவளுக்கு வெளியூர் மருத்துவமனையில் ரெசிடென்சி என்ற மேற்பயிற்சியில் சேர ஆசை. மூன்று சீனியர்கள் அவளைப் பற்றி ரெஃபரன்ஸ், அதாவது பரிந்துரை, எழுதி இணையத்தில் ஏற்ற வேண்டும். இரண்டு பேர் ஏற்றிவிட்டார்கள். துறைத் தலைவரான பெரிய டாக்டர்தான் பாக்கி. இன்று மாலை ஐந்துக்குள் அவர் அனுப்பாவிட்டால் இந்த வருடம் அம்போ.

பெரிய டாக்டருக்கு இதயங்கள் தெரியும், முகங்கள் தெரியாது. மெயில் பார்க்கும் வழக்கமும் கிடையாது. அதனால் காகிதத்திலேயே எழுதிக் கொடுத்தாள்: 'மூன்று வருடமாக உங்கள் யூனிட்டில் இருக்கிறேன். என் நினைப்பெல்லாம் இதயம்தான். பல இரவுகள் தூங்கியதில்லை. உங்கள் ரெஃபரன்ஸ் வேண்டும்.'

வாங்கியவர் புதிதாக வந்த சிஸ்டர். ரெஃபரன்ஸ் என்றால் அவருக்கு, வேறு டாக்டர் அனுப்பிவைக்கும் நோயாளி. டோக்கன் போட்டுவிட்டார்.

"சிஸ்டர், நான் நோயாளி இல்ல, டாக்டர்."

"டாக்டருக்கு நெஞ்சு வலிக்காதா? ஈசிஜி இல்லாம சார் பாக்க மாட்டாரு. படுங்கம்மா."

வாதாடினால் நேரம் போகும், படுத்தால் உள்ளே போகலாம். படுத்தாள். மெஷினில் அவள் பெயரைப் போட்டு ஒயர்களை மாட்டி முடித்த நேரம், திரைக்கு அந்தப் பக்கம் காத்திருந்த பெரியவர் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். ஓட்டம் போர்வையைச் சுற்றிக்கொண்டு ஒயரும் கையுமாகப் பாய்ந்தாள். அவரைத் தன் கட்டிலிலேயே கிடத்தி, தன் ஒயர்களை அவருக்கு மாட்டினாள். சிஸ்டர் பதற்றத்தில் பட்டனை அழுத்த, அவள் பெயரோடு தாள் வெளியே வந்து பெரிய டாக்டரின் அறைக்குப் போய்விட்டது.

அவர் ஓடி வந்தார். அவர் ஓடி அந்த ஆஸ்பத்திரி பார்த்ததே இல்லை.

"எங்கம்மா அந்தப் பொண்ணு? இந்த வயசுல இவ்வளவு பெரிய அட்டாக்கா!" போர்வையோடு நின்றவளைப் பார்த்தார். "நிக்காதே, படு!"

"பேருதான் சார் என்னுது. இதயம் இவரோடது. ஆஸ்பிரின் குடுத்தாச்சு, கேத் லேபுக்கும் சொல்லியாச்சு."

கேத் லேபில் பெரியவரின் இதய அடைப்பை நீக்கிவிட்டுப் பெரிய டாக்டர் வெளியே வந்தபோது ஐந்தாகப் போகிறது. ஓட்டம் வாசலிலேயே நின்றாள். கூச்சத்தை மூட்டை கட்டி வைத்தாள்.

"சார், நான் ரெஃபரன்ஸுக்கு வந்தேன்."

"யாரு அனுப்புனா?"

"யாரும் இல்ல சார். நானேதான்."

விஷயம் புரிந்ததும் மெயிலில் கிடந்த இணைப்பைத் திறந்தார். விண்ணப்பதாரரை எப்படித் தெரியும் என்பதுதான் முதல் கேள்வி.

"மூணு வருஷமா உங்க யூனிட்ல..." என்று இழுத்தாள்.

"பொய் எழுத மாட்டேம்மா. மூணு வருஷமா உன் முகத்தை நான் பாக்கவே இல்ல. அது என் தப்பு."

'நோயாளியாக வந்தார்' என்று ஒற்றை விரலால் தட்டினார். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. பிறகு அன்று மதியம் நடந்ததை அப்படியே எழுதி, கடைசி வரியை மட்டும் வாய்விட்டுப் படித்தார்.

"என் இதயம் நிற்கும் நாளில் இவர் டியூட்டியில் இருக்க வேண்டும்."

அனுப்பிவிட்டார். ஓட்டத்துக்கு நெஞ்சு தாறுமாறாக அடித்துக்கொண்டது. நல்லவேளை, சிஸ்டர் பக்கத்தில் இல்லை.