ராஜையனின் நேரான கம்பிகள்

தக்கலை ராஜையன் ரேடியோ பழுதுபார்ப்பவர். 1924-இல் பிறந்தார். அவர் கைபட்ட ரேடியோவைக் கவிழ்த்துப் பார்த்தால் கம்பிகளெல்லாம் செங்கோணத்தில் திரும்பி, நாற்று நட்ட வயல்போல வரிசையாக இருக்கும். இது அவருக்குப் பெருமை. அதைக் கவிழ்த்துப் பார்க்கிறவர் அவர் ஒருவர்தான் என்பது வேறு விஷயம்.

1955 ஆகஸ்ட் மாதம் நாகர்கோவிலில் கிருஷ்ணமணியின் ரேடியோ கடையில் ஒரு மாதச் சோதனை வேலைக்குச் சேர்ந்தார். கடைசி வாரத்தில் டாக்டர் தெய்வநாயகத்தின் ரேடியோ வந்தது. இரைச்சல். மின்சாரத்தைச் சீராக்கும் பழைய மின்தேக்கி உலர்ந்துபோயிருந்தது. ராஜையன் 16 மைக்ரோபாரட் புதியதைப் போட்டார். பக்கத்தில் இருந்த 0.01 மைக்ரோபாரட் மைக்கா மின்தேக்கித் துண்டைக் கழற்றிவிட்டார். 'ஆயிரத்தறுநூறு மடங்கு பெரியது இருக்க, இந்தப் பொடியன் எதற்கு?'

மீடியம் வேவ் தெளிவாகப் பாடியது. ஷார்ட் வேவில் 15 மெகாசைக்கிளுக்குத் திருப்பினால் சீட்டி அடித்தது.

“சனிக்கிழமை டாக்டர் வருவாரு. அதுக்குள்ள சீட்டி நிக்கணும். நிக்கலைன்னா நீரு தக்கலைக்கே போயிரும் வே” என்றார் கிருஷ்ணமணி.

ராஜையனின் மனைவி ஜெபகுமாரி கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளர். வியாழக்கிழமை ராஜையன் 16 மைக்ரோபாரடை வளைத்த கம்பிகளோடு அப்படியே கழற்றி அங்கே கொண்டுபோனார். அவள் அளந்து எழுதினாள்: அலைவெண் 100 சைக்கிளில் எதிர்ப்பு 100 ஓம். 10,000-இல் 3. ஒரு மெகாசைக்கிளிலும் ஏறத்தாழ 3. பதினைந்தில் 19.

“அலைவெண் ஏற ஏற எதிர்ப்பு குறையணுமே ஏட்டி?”

“குறைஞ்சுது. அப்புறம் உள்ளே இருக்க மூணு ஓம் தடை, இதுக்குக் கீழே விடமாட்டேன்னு நின்னுக்கிச்சு. அதுக்கும் மேல போனா, உள்ளே சுருட்டின தகடும் இந்தக் கம்பியும் சேர்ந்து சுருள் மாதிரி வேலை பாத்து எதிர்ப்பை ஏத்துது. மின்தேக்கின்னு பேருதான். இதுக்கு எதுக்கு ரெண்டு பக்கமும் நாலு நாலு அங்குலம் கம்பி? ஊர் சுத்திப் பாக்கவா?”

“பாக்க அழகா இருக்கில்லியா?”

“அழகுதான். ரேடியோவுக்குக் கண்ணு இல்லியே.”

பிறகு அந்த மைக்காப் பொடியனைக் கால் அங்குலக் கம்பியோடு அளந்தாள். பதினைந்தில் ஒரு ஓம்தான். “வேகமான அலைக்கு வழிவிட்டது இந்தப் பொடியன்தான். இதைக் கழத்தினதும் வழி அடைச்சு சீட்டி அடிக்குது.”

வெள்ளிக்கிழமை ராஜையன் பெரியதன் கம்பிகளைக் கத்தரித்தார். மனசுக்குக் கொஞ்சம் வலித்தது. பொடியனை வால்வுத் தாங்கியின் காலிலேயே நேரடியாகப் பற்றவைத்தார். அது வரிசையில் சேராமல் குறுக்கே கோணலாக நின்றது.

சனிக்கிழமை, ஆகஸ்ட் 27. டாக்டர் குமிழைத் திருப்பினார். ஷார்ட் வேவில் வெளிநாட்டுச் செய்தி சீட்டியில்லாமல் வந்தது. செய்தி முடியும்வரை கேட்டுவிட்டு ரேடியோவைத் தூக்கிக்கொண்டு போனார்.

கிருஷ்ணமணி, கருவிகள் வைக்கும் அலமாரியின் சாவியை ராஜையன் முன்னால் வைத்தார்.

“திங்கக்கிழமை எட்டரைக்குக் கடையைத் திறந்து வையும்.”