இன்செர்ட் விசையில் ஒட்டிய சந்தனம்

எண்பதுகளின் கடைசியில், ஹைதராபாத்தில் குஷாய்குடா பக்கம் நான் டைப்பிஸ்டாக இருந்த தொழிற்சாலையில், எங்கள் செக்‌ஷனுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. ஒன்றே ஒன்று. அதில் உட்காரப் போவது நானா, என் பக்கத்து நாற்காலி அக்காவா என்று ஆபீசர் ஒரு பரீட்சை வைத்துத் தீர்மானிக்கப் போவதாகச் சொல்லிவிட்டார். தோற்றவள் பழைய டைப்ரைட்டரோடு மாரடிக்க வேண்டியதுதான். ஏ.சி. அறை, சுழலும் நாற்காலி, எல்லாம் போச்சு. எனக்கு அந்த நாற்காலி வேண்டும், அவ்வளவுதான். நாகரிகமாகச் சொல்லத் தெரியவில்லை.

அக்கா செகந்திராபாத்தில் வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே குடியிருக்கும் தமிழ்க் குடும்பம். ஏன் என்பதற்கு ‘கைக்கு’, வேண்டாம் என்பதற்கு ‘நக்கோ’ என்று அந்த ஊர் உருது அவர் பேச்சில் கலந்துவரும். எனக்குப் பல வருஷம் மூத்தவர். கம்ப்யூட்டரில் பழகும்போது கட்டளைகளை மனப்பாடமாகத் தட்டுவார். ஒவ்வொரு ஃபைலுக்கும் ‘காப்பி’ என்று தொடங்கி முழுப் பெயரையும் அடிப்பார். அந்த வேகத்தை என்னால் எட்ட முடியாது.

நான் வேறு வழி பிடித்திருந்தேன். திரையை இரண்டாகப் பிளந்து, இந்தப் பாதியில் கம்ப்யூட்டரில் உள்ளவை, அந்தப் பாதியில் பிளாப்பியில் உள்ளவை என்று காட்டும் ஒரு ப்ரோக்ராம் இருந்தது. டேப் தட்டினால் இந்தப் பாதியிலிருந்து அந்தப் பாதிக்குத் தாவலாம். இன்செர்ட் தட்டினால் ஃபைல் மஞ்சளாகும், கர்சர் தானாக அடுத்த வரிக்கு இறங்கும். வேண்டியதையெல்லாம் மஞ்சளாக்கிவிட்டு எஃப்-ஐந்து தட்டினால் மொத்தமும் எதிர்ப் பாதிக்கு நகல் ஆகிவிடும். எஃப்-ஆறு பெயர் மாற்றும், இடமும் மாற்றும். இந்த விசைகளை நான் சாமி மாதிரி கொண்டாடினேன்.

கொண்டாடியதுதான் வினை. ஆயுத பூஜைக்கு எல்லா மெஷினுக்கும் பொட்டு வைக்கிறோமே, இதற்கு மட்டும் என்ன குறைச்சல் என்று, கம்ப்யூட்டருக்கு மாலை போட்டு, எனக்குப் பிடித்த விசைகளுக்கெல்லாம் குழைத்த சந்தனத்தைத் தாராளமாக அப்பிவிட்டுப் போனேன். லீவு முடிந்து வந்த காலையிலேயே பரீட்சை.

ஆபீசர் தன் அறையிலிருந்த இன்னொரு கம்ப்யூட்டரையும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் ஒரே ஃபைல்கள். டெண்டருக்கு வேண்டியவற்றுக்கு டிக் அடித்த தாளை ஆளுக்கொன்று கொடுத்தார். பெயர்களில் ஒன்றுக்கொன்று ஒற்றுமையே இல்லை, ஒரே கட்டளையில் மொத்தமாகப் பிடிக்க முடியாது. பிளாப்பியில் ஏற்றி, கடைசியில் ஒன்றுக்குப் புதுப் பெயர் வைக்க வேண்டும். டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார்.

நான் இன்செர்ட்டைத் தட்டினேன். உள்ளே போன விசை மேலே வரவில்லை! காய்ந்த சந்தனம் பிடித்துக்கொண்டது. அமுக்கியபடியே இருந்ததால் ஃபைல் ஃபைலாக மஞ்சளாகிக்கொண்டே கீழே ஓடியது. வேண்டியது, வேண்டாதது எல்லாம். நான் நகத்தால் நெம்புகிறேன், அசைந்தால்தானே. பக்கத்தில் அக்கா தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தார். அழுகையே வந்துவிட்டது.

அடிப்பது நின்றது. அக்கா வளையலில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றி, விசையின் தொப்பியை நெம்பி எடுத்து, முந்தானையால் துடைத்து மாட்டினார்.

“கைக்குடி அழுவுற? இப்ப தட்டு.”

தட்டினேன். வேலை செய்தது. எண் பகுதியிலிருந்த மைனஸைத் தட்டி, என்டர் போட்டு, தப்பான மஞ்சளையெல்லாம் அழித்தேன். பிறகு தாளைப் பார்த்துப் பார்த்து வேண்டியதை மட்டும் இன்செர்ட், எஃப்-ஐந்து, என்டர். பெயர்கள் வரிசையாக மின்னி மறைந்தன. டேப்பில் பிளாப்பிப் பக்கம் தாவி, அந்த ஒரு ஃபைலின் மேல் நின்று எஃப்-ஆறு தட்டிப் புதுப் பெயரை அடித்தேன். முடிந்தது. திரும்பினால் அக்கா தன் மெஷினை மறந்துவிட்டு என் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வேலை பாதியில் நின்றது.

ஆபீசர் வந்தார், இரண்டு திரையையும் பார்த்தார், நாற்காலி எனக்கு என்றார். சந்தோஷமே வரவில்லை, என் மேலேயே எரிச்சல்தான் வந்தது. ஊக்கு விஷயத்தைப் படபடவென்று கொட்டி, ஆளுக்கு அரை நாள் வைத்துக்கொள்கிறோம் என்றேன். நீங்களே எப்படியோ பங்கு போட்டுக்கொள்ளுங்கள் என்று அவர் கிளம்பிவிட்டார்.

அக்காவுக்குக் கோபம் இருக்கும் என்று பயந்தேன். அவரோ என்னை நாற்காலியிலிருந்து எழுப்பினார்.

“நாற்காலி நக்கோடி. அந்தக் கீ எது, அத மொதல்ல காட்டு. ஒரே காயிதத்த ஆபீஸ் ஆபீஸுக்கு வேணும்னு திருப்பித் திருப்பி அடிச்சே என் வயசு போச்சு.”

வேறொரு பிளாப்பியைப் போட்டுக் கொடுத்தேன். ஒவ்வொரு ஃபைலாக மெதுவாக மஞ்சளாக்கினார். எஃப்-ஐந்தைக் காட்டினேன். தட்டினார், என்டரும் போட்டார். பெயர்கள் ஓடத் தொடங்கின. அக்கா இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, எதையும் அடிக்காமல், கடைசிப் பெயர் போகும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.