இரண்டு அங்குலம் இறக்கிய வண்டி

என் உயரம் நாலடி பத்து அங்குலம். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் வேறு யாராவது முந்திக்கொள்வார்கள்.

அப்போது எனக்கு மைன்ஸ் நர்சரியில் கான்ட்ராக்ட் வேலை. சுரங்கத்திலிருந்து தோண்டிக் கொட்டிய மண்மேட்டில் நடுவதற்குக் கன்று வளர்க்கிற இடம். தார் ரோடு முடிந்த பிறகு ஒரு கிலோமீட்டர் மண்பாதையில் போக வேண்டும். மழை பெய்தால் ஸ்கூட்டியின் சின்னச் சக்கரம் அந்தக் களிமண்ணில் புதைந்து நிற்கும். இரண்டு முறை செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வண்டியைத் தள்ளினேன். மூன்றாம் முறை ஸ்கூட்டியை விற்றுவிட்டு, பெரிய சக்கரம் வைத்த நூற்றைம்பது சிசி பைக் வாங்கினேன். பழைய வண்டிதான். என் சம்பளத்தில் வாங்கியது.

சீட்டில் உட்கார்ந்தால் இரண்டு காலும் தரையில் பதியாது, விரல் நுனிதான் படும். அதனால் நிறுத்தும்போது இடுப்பை இடதுபக்கம் நகர்த்தி, இடது காலை முழுசாக ஊன்றி, வலது காலைப் பின் பிரேக்கிலேயே வைத்திருப்பேன். ஒரு கால் போதும். மூன்று மாதம் அப்படித்தான் ஓட்டினேன். காலையில் மகளைப் பின்னால் உட்காரவைத்து ஸ்கூலில் இறக்கிவிட்டு நர்சரிக்குப் போவேன். மூன்று மாதத்தில் ஒரு முறைகூட நான் விழவில்லை. இந்த ஒரு வாக்கியத்தை எத்தனை பேரிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

என் கணவர் அனல்மின் நிலையத்தில் பர்மனென்ட். ஷிப்ட் மாறும் நேரத்தில் நான் கேட்டில் ஒற்றைக்காலில் நின்றதைப் பார்த்து அவருடைய சிநேகிதர்கள் ஏதோ கிண்டல் செய்திருக்கிறார்கள். மனுஷனுக்குத் தாங்கவில்லை.

"கொக்கு மாரி நின்னுகினு இருக்குறியாமே. எல்லாரும் சிரிக்கிறானுங்க" என்றார்.

"சிரிச்சா சிரிக்கட்டும். விழுந்தனா?" என்றேன்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று மகளையும் கூட்டிக்கொண்டு கம்மாபுரம் போய் நாலு நாள் இருந்துவிட்டு வந்தேன். குவார்ட்டர்ஸ் வாசலில் என் வண்டி பின்பக்கம் அமுங்கி, மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. என் கணவர் அதை வடக்குத்து ரோட்டில் இருக்கும் மெக்கானிக்கிடம் கொண்டுபோய், பின்னால் இருந்த இரண்டு ஷாக் அப்சார்பரையும் கழற்றிவிட்டு, சின்ன வண்டியினுடைய குட்டை ஷாக்கை மாட்டவைத்திருக்கிறார். இரண்டு அங்குலம் இறங்கியிருந்தது. முன்பக்கத்தைத் தொடவில்லை.

"ஏறிப் பாரு" என்றார், பட்டுப்புடவை வாங்கிவந்தவர் மாதிரி. ஏறினேன். இரண்டு பாதமும் தரையில் பதிந்தன. அது நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் வண்டி நிற்பதற்காகவா இருக்கிறது?

மறுநாளே தெரிந்தது. சைடு ஸ்டாண்ட் அதே நீளம், வண்டி மட்டும் தாழ்ந்துவிட்டது. அதனால் சாயாமல் நெட்டுக்குத்தாக நின்று, பக்கத்தில் லாரி போன காற்றுக்கே வலதுபக்கம் சாயப் பார்த்தது. சென்டர் ஸ்டாண்ட் போட முன்பைவிட அதிகமாகத் தூக்க வேண்டியிருந்தது, எனக்கு மூச்சு வாங்கியது. ஹெட்லைட் எதிரில் வருகிறவர்கள் கண்ணில் அடித்தது. ஹேண்டிலைத் திருப்பினால் முன்சக்கரம் யோசித்துத்தான் திரும்பியது. மகள் பின்னால் உட்கார்ந்தால் டவுன்ஷிப்பின் ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டியின் அடிவயிறு உரசியது. இவ்வளவையும் அவரிடம் சொன்னேன். "பழகிடும், எல்லாம் உன் மனசுதான்" என்றார்.

ஆறாம் நாள் காலை, ரவுண்டானாவைச் சுற்றிவந்து ஸ்கூல் ரோட்டுக்கு இடதுபக்கம் சாய்த்தேன். எப்போதும் சாய்க்கிற அளவுதான், வேகமும் அதிகமில்லை. அந்த இடத்தில் ரோடு லேசாகக் குழிந்திருக்கும். பின்பக்கம் அமுங்கியது. கீழே இரும்பு கிறீச்சிட்டது, பின்சக்கரம் தரையை விட்டு எழும்பியது, அடுத்த நொடி நாங்கள் இரண்டு பேரும் ரோட்டில் கிடந்தோம். என் முட்டி கிழிந்தது. எட்டு வயது மகளுக்கு இடது முன்கை எலும்பில் விரிசல் விட்டது.

ஆஸ்பத்திரியில் அவளுக்கு மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது, எப்படி விழுந்தீர்கள் என்று டாக்டர் என்னைத்தான் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் பதில் சொன்னார்.

"ஹைட்டு பத்தல சார். நான் சொன்னேன், கேக்கல."

மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்த நிமிடத்தில் எனக்கு வந்த கோபத்தை இப்போதுகூட எழுத்தில் அடக்க முடியவில்லை. குழந்தை முன்னால் சண்டை வேண்டாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அன்றைக்கே கத்தியிருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தேன். சென்டர் ஸ்டாண்டைக் காலால் மிதிக்க இடதுபக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியின் நுனி தேய்ந்து, புது ரூபாய்க் காசாகப் பளபளத்தது. அவரை வண்டியோடு ரவுண்டானாவுக்கு இழுத்துக்கொண்டு போனேன். தாரில் கீறல் இருந்தது, என் முழங்கை நீளத்துக்கு. அதைக் காட்டினேன். பார்த்தார். "சரி, வா, வூட்டுக்குப் போலாம்" என்றார்.

வீட்டுக்குப் போகவில்லை. மெக்கானிக்கிடம் போனோம். அவன் கம்பியைப் பார்த்ததுமே தலையில் கை வைத்தான்.

"அண்ணங்கிட்ட சொன்னேங்க்கா. பின்னாடி மட்டும் இறக்கினா ஸ்டாண்டு தரையில மாட்டும், சென்டர் ஸ்டாண்ட கழட்டிடணும், சைடு ஸ்டாண்ட வெட்டி ஒட்டணும், முன்னாடி ஃபோர்க்கையும் கொஞ்சம் இறக்கணும்னு சொன்னேன். அதெல்லாம் வேணாம், காலு எட்டினா போதும்னாரு."

"ஓட்டுறது யாரு? என்ன ஒரு வார்த்த கேட்டியா நீ?" என்றேன்.

"நீங்க வரலியேக்கா."

என் கணவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். என் வண்டி, என் கால், என் இடுப்பு. மூன்றையும் வைத்து இரண்டு ஆண்கள் பேசி முடிவெடுத்திருக்கிறார்கள். ஒருவருக்குத் தெரியும், சொன்னார், ஆனாலும் செய்துவிட்டார். இன்னொருவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

கடையில் கிடந்த பழைய ஷாக்குகளை அங்கேயே மாட்டச் சொன்னேன். பிறகு சீட்டுக் கடையில் நானே உட்கார்ந்து காட்டி, முன்பக்கம் தொடை இறங்குகிற இரண்டு ஓரங்களிலும் ஃபோமைச் சீவவைத்தேன். சீட் குறுகினால் கால் நேராக இறங்கும். ஒரு அங்குலம் கிடைத்தது. அதற்கும் விலை உண்டு, மெத்தை போய்விட்டதால் அரைமணி நேரத்தில் உட்காருமிடம் வலிக்கும். வலிக்கட்டும், அது நானாக ஒத்துக்கொண்ட வலி. வண்டி மறுபடி நான் சொன்ன பக்கம் திரும்பியது.

மாவுக்கட்டுப் பிரித்து, ஸ்கூலுக்குக் கிளம்பிய முதல் நாள் வண்டியை ஸ்டார்ட் செய்து கூப்பிட்டேன். மகள் படியிலேயே நின்றாள்.

"நான் அப்பா கூட வரேன். உனக்குக் கால் எட்டாதும்மா."

வண்டியை அணைத்துவிட்டு உள்ளே போனேன். அவர் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஏன் விழுந்தோம்னு அவகிட்ட சொல்லுங்க. உங்க வாயால சொல்லுங்க."

"சின்னப் புள்ளகிட்ட போயி இன்னாத்த சொல்றது. மறந்துடுவா, வுடு" என்றார்.

நானே சொன்னேன், பலமுறை, கம்பியைக் காட்டியும் சொன்னேன். அப்பா டாக்டரிடம் சொன்னதுதான் அவளுக்கு நிஜம். நான் சொன்னது சாக்கு.

அந்தப் பைக்கை இன்னும் ஏழு வருஷம் ஓட்டினேன். விழவில்லை. அவள் ஒரு நாளும் பின்னால் ஏறவில்லை.

போன வருஷம் அவளுக்குப் பதினெட்டு முடிந்தது. கல்லூரித் தோழிகள் எல்லாரும் லைசென்ஸ் எடுக்கக் கிளம்பினார்கள். நீயும் போ, நான் கற்றுத்தருகிறேன் என்றேன். அவள் சிரித்தாள். அவளும் என் உயரம்தான்.

"நமக்கெல்லாம் ஹைட்டு பத்தாதும்மா" என்றாள்.

கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்த அவர் காதிலும் அது விழுந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.