சகலை வைத்த ரெக்கார்டர்

பெரியப்பாவோடு கடைத்தெருவில் நடந்தால் சீக்கிரம் வீடு போய்ச் சேர முடியாது. ஒவ்வொரு கடை வாசலிலும் நின்று, அண்ணாந்து பார்ப்பார். மேலே இருக்கும் கேமரா யார் மாட்டியது என்று தெரிய வேண்டும். வேறு யாரோ மாட்டியது என்றால் “பரவாயில்ல” என்று நகர்ந்துவிடுவார். என் அப்பா மாட்டியது என்று தெரிந்தால் அங்கேயே நின்று குறை தேடுவார். “வெயில் நேரா லென்ஸ்ல அடிக்குது பாரு. சாயங்காலம் ஒரு மண்ணும் தெரியாது.” வெயில் அந்தப் பக்கமே வராத சந்தாக இருக்கும்.

என் அம்மாவின் அக்காவைக் கட்டியவர் அவர். அப்பாவும் அவரும் சகலைகள். கேமரா மாட்டும் தொழிலுக்கு முதலில் வந்தவர் பெரியப்பாதான். கல்யாணமான புதிதில் வேலையில்லாமல் இருந்த அப்பாவை ஏணி பிடிக்கக் கூட்டிப்போனவரும் அவரே. அப்பா ஏணியில் ஏறக் கற்றுக்கொண்டார். பிறகு தனியாகக் கடை வைத்தார். அங்கிருந்து தொடங்கியது பெரியப்பாவின் வயிற்றெரிச்சல்.

அப்பா மடக்கு ஏணி வாங்கினால் பெரியப்பா அதைவிட ஒரு படி உயரமானதை வாங்கி, வைக்க இடமில்லாமல் படுக்கையறையில் சாய்த்து வைப்பார். பெரியம்மா அதில் புடவை காயப்போடுவார். “உங்க சகலை ஏணியில ஏறி சம்பாதிக்கிறாரு. உங்க ஏணி எனக்குக் கொடிக்கம்பியா இருக்கு” என்பார்.

அவரை அதிகம் உறுத்தியது டைல்ஸ் கிடங்குதான். அந்த வாடிக்கையை முதலில் பிடித்தவர் அவர். பல வருடம் அவர்தான் பார்த்துக்கொண்டார். கேமராப் படங்களைப் பதிந்து வைக்கும் பழைய ரெக்கார்டர் கெட்டுப்போய்ப் புதியது வைக்க வேண்டியிருந்தபோது, முதலாளி என் அப்பாவைக் கூப்பிட்டுவிட்டார். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. அன்று பெரியப்பா போனை எடுக்கவில்லை, அப்பா எடுத்தார், அவ்வளவுதான். ஆனால் பெரியப்பா அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. “என் சோத்துல கை வச்சவன்” என்று பெரியம்மாவிடம் சொன்னாராம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்து, கூச்சமே இல்லாமல் இரண்டு முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அந்தக் கிடங்கிலிருந்துதான் ஒருநாள் காலை எங்கள் கடைக்குப் போன் வந்தது. அப்பா வெளியூரில் ஒரு ஆலைக்கு கேமரா மாட்டிக்கொண்டிருந்தார். உள்ளே சிக்னல் கிடைக்காது. கடையில் நான்தான் இருந்தேன். ரெக்கார்டர் விடாமல் கத்துகிறது, வெளிமுற்றத்துக் கேமராக்களின் பதிவு நடுநடுவே காணவில்லை, உடனே யாராவது வர வேண்டும் என்றார் முதலாளி. அவசரம் வேறொன்று. முந்தின வாரம் முற்றத்தில் அடுக்கியிருந்த டைல்ஸ் பெட்டிகள் சரிந்து நொறுங்கியிருந்தன. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர்தான் இடித்துவிட்டார் என்று முதலாளி நினைத்தார். பதிவில் அவர் இடிக்கவில்லை என்று தெரியாவிட்டால், மறுநாளிலிருந்து அவருக்கு வேலை கிடையாது.

வேறு வழி தெரியாமல் பெரியப்பாவைக் கூப்பிட்டேன்.

“யாரு வச்ச ரெக்கார்டரு?” என்றார். தெரிந்தே கேட்டார்.

“அப்பா வச்சதுதான் பெரியப்பா.”

“அப்படியா!” போனிலேயே அவர் முகம் மலர்ந்தது எனக்குத் தெரிந்தது. “நீ பாஸ்வேர்டை எடுத்துக்கிட்டு வா. நான் அங்க நிக்கிறேன்.”

நான் போய்ச் சேர்ந்தபோது சலவைச் சட்டையில் நின்றிருந்தார். வேலைக்கு அவர் அந்தச் சட்டை போட்டு நான் பார்த்ததில்லை.

ரெக்கார்டர் கணக்கர் அறையில், அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. அதன்மேல் ஒரு கம்பளி மடித்துப் போர்த்தியிருந்தது. கம்பளிக்குள்ளிருந்து கீ கீ என்ற சத்தம் வந்தது.

“இது எதுக்கு?” என்றார் பெரியப்பா.

“காது போவுது சார். நாலஞ்சு நாளா ஒரே சத்தம். போத்தினா கொஞ்சம் அடங்குது” என்றார் கணக்கர்.

“அது உதவிக்குக் கூப்பிடுது. நீங்க வாயைப் பொத்தியிருக்கீங்க.” பெரியப்பா கம்பளியை இழுத்தார். பெட்டியைத் தொட்டவர் கையை உடனே எடுத்தார். “தோசை ஊத்தலாம் போலிருக்கே!”

வாசலில் ஒருவர் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். எல்லாரும் அவரைக் கொக்கி என்றுதான் கூப்பிட்டார்கள். உள்ளே வரவுமில்லை, போகவுமில்லை.

நான் பாஸ்வேர்டை அடித்தேன். பெரியப்பா மவுஸைப் பிடித்தார். பதிவுகளை எப்படிச் சேமிப்பது என்று அமைக்கும் பக்கத்துக்கு நேராகப் போனார். “ஓவர்ரைட்டை அணைச்சு வச்சிருப்பான். டிஸ்க் நிறைஞ்சதும் பதிவு நின்னிருக்கும். புதுசா தொழிலுக்கு வர்றவங்க செய்யுற தப்பு” என்று முதலாளிக்குக் கேட்கும்படி சொன்னார். அப்பா தொழிலுக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது.

ஓவர்ரைட் போட்டேதான் இருந்தது. டிஸ்க் நிறைந்தால் பழைய பதிவை அழித்துப் புதியதை எழுதும்படி சரியாக வைத்திருந்தார் அப்பா. பெரியப்பாவின் உதடு சுருங்கியது. அடுத்து, இத்தனை நாளில் பதிவு தானாக அழியட்டும் என்று ஏதாவது கெடு வைத்திருக்கிறாரா என்று பார்த்தார். வைக்கவில்லை. பதிவு நேர அட்டவணையைப் பார்த்தார். எல்லாக் கேமராவுக்கும் நாள் முழுக்க நீலக் கோடு. ஒவ்வொரு பக்கத்தையும் திறக்கும்போது ஆசையாகத் திறந்தார், மூடும்போது பெருமூச்சோடு மூடினார். அப்பாவின் வேலையில் குறையே இல்லை என்பது அவருக்கு எவ்வளவு வலித்தது என்று பக்கத்தில் நின்ற எனக்குத் தெரிந்தது.

“அப்ப டிஸ்க்குதான்” என்றார்.

உள்ளே இரண்டு டிஸ்க்குகள் இருந்தன. கட்டடத்துக்குள் இருக்கும் கேமராக்கள் முதல் டிஸ்க்கில் எழுதின, முற்றத்துக் கேமராக்கள் இரண்டாவதில். முதலாவது நலம். இரண்டாவதுக்கு நேரே சிவப்பில் பிழை என்று இருந்தது. அதன் உடல்நிலையைக் காட்டும் பக்கத்தைத் திறந்தார். கெட்டுப்போய் மாற்றிடம் கொடுக்கப்பட்ட பகுதிகள் ஏராளம். படிக்க முடியாமல் காத்திருக்கும் பகுதிகள் இன்னும் நிறைய. ஓடிய மணிக்கணக்கு, அந்த ரெக்கார்டரின் வயதைவிடப் பல மடங்கு அதிகம்.

“பாருங்க! புது ரெக்கார்டர்ல பழைய டிஸ்க்கைப் போட்டுத் தள்ளியிருக்கான்!” என்று ஆரம்பித்தவர், டிஸ்க்கின் மாடல் எண்ணைப் பார்த்ததும் நிறுத்தினார்.

முதலாளி சொன்னார்: “ஆமா, நான்தான் இருக்குறதையே போடச் சொன்னேன். உங்க சகலையும் சோதிச்சுப் பாத்துட்டு, அண்ணன் போட்ட டிஸ்க், நல்லாத்தான் ஓடுதுன்னாரு.”

பழைய ரெக்கார்டரில் பெரியப்பாவே போட்ட டிஸ்க் அது. கேமராவுக்கென்று வரும் டிஸ்க் நாள் முழுக்க எழுதுவதற்காகச் செய்தது. இது வீட்டுக் கம்ப்யூட்டருக்கானது. அன்றைக்குக் கையில் இருந்ததைப் போட்டிருக்கிறார். அது இத்தனை காலம் ஓடியதே பெரிய விஷயம்.

“இப்ப என்ன செய்யலாம்? எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசா ஆரம்பிச்சா சத்தம் நிக்குமா?” என்றார் முதலாளி.

“நிக்கும். கொஞ்ச நாளைக்கு.”

மவுஸ் அம்பு டிஸ்க்கைத் துடைக்கும் பொத்தானுக்குப் பக்கத்தில் போய் நின்றது. ஒரு சொடுக்குப் போதும். பிழை மறைந்துவிடும். சகலை அமைத்தது சரியில்லை, நான் சரிசெய்தேன் என்று சொல்லிவிட்டு, அடுத்த முறை டிஸ்க்கையும் சத்தமில்லாமல் மாற்றிவிடலாம். கிடங்கு திரும்பவும் அவர் கைக்கு வந்துவிடும்.

“அண்ணே” என்றார் கொக்கி, வாசலிலிருந்து. “அழிச்சா அன்னைக்கு எடுத்ததும் போயிடுமா?”

“போயிடும்.”

“நான் அப்ப முன்பக்கம் லாரியில சரக்கு இறக்கிட்டிருந்தேண்ணே. முன்வாசல்ல இருக்கிற கேமராவும் முற்றத்துக் கணக்குலதான் வருதுன்னு சொல்றாங்க. அதுல நான் இருப்பேன்ல?”

அதற்குள் முதலாளி குறுக்கிட்டார். “உங்களால எடுக்க முடியலேன்னா விடுங்க. சாயங்காலம் உங்க சகலை வந்துடுவாரு. அவர் எப்படியும் எடுத்துடுவாரு.”

அம்பு அந்தப் பொத்தானை விட்டு நகர்ந்தது.

“அவன் எதுக்கு? நான் செத்தா போயிட்டேன்?” பெரியப்பா சலவைச் சட்டையின் கையை மடித்துவிட்டார். “ஒரு டேபிள் ஃபேன் கொண்டாங்க.”

அதற்குப் பிறகு அவர் செய்ததை நான் அப்பாவிடம்கூடப் புகழ்ந்து சொல்லியிருக்கிறேன். ரெக்கார்டரை முறையாக அணைத்தார். மூடியைக் கழற்றி, ஃபேனை நேராக வைத்து, பெட்டி ஆறும்வரை காத்திருந்தார். முற்றத்துக் கேமராக்களின் கேபிள்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். “டிஸ்க் உசுரோட எழுந்தா உடனே எழுத ஆரம்பிச்சிடும். ஓவர்ரைட் வேற இருக்கு. நமக்கு வேணுங்கிறதையே அழிச்சு எழுதிடக்கூடாது” என்றார். பிறகு ரெக்கார்டரைப் போட்டார்.

இரண்டாவது டிஸ்க் சிவப்பிலேயே இருந்தது. மறுபடி அணைத்து, ஆறவிட்டு, போட்டார். இந்த முறை பச்சை. டிஸ்க்கைப் படிக்க மட்டும் என்று மாற்றினார். அந்த நாளைத் தேடி, அந்த நேரத்தை மட்டும் பென் டிரைவில் இறக்கினார். ஒரு கேமராவின் பதிவு பாதியில் நின்றுவிட்டது. அடுத்ததற்குப் போனார். அதுவும் முன்வாசல் பதிவும் முழுதாக வந்தன.

முற்றம் காலியாகத் தெரிந்தது. ஆள் இல்லை, வண்டி இல்லை. பெட்டிகளைத் தாங்கிய மரப்பலகையின் ஒரு கால் மெல்ல உள்வாங்கியது. அடுக்கு சாய்ந்து, புழுதி எழும்பியது. அதே நேரத்து முன்வாசல் பதிவில் கொக்கி, வண்டியில் உட்கார்ந்தபடி லாரிக்காரரிடம் கையை ஆட்டி ஏதோ பேசிக்கொண்டிருந்தார்.

முதலாளி இரண்டு முறை போட்டுப் பார்த்தார். பிறகு வாசல் பக்கம் திரும்பி, “போய் வண்டியை எடுய்யா, சரக்கு நிக்குது” என்றார். கொக்கிக்குக் கிடைத்த மன்னிப்பு அவ்வளவுதான். கொக்கி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடினார்.

“சரி, இந்த டிஸ்க் ஏன் இப்படி ஆச்சு?” என்றார் முதலாளி.

பெரியப்பா மவுஸைத் தள்ளி வைத்தார். “நான் போட்டது சார். கேமராவுக்கு ஆகாத டிஸ்க். அப்பவே மாத்தியிருக்கணும். நீங்க கம்பளி போத்தினதும் சேந்துக்கிச்சு.”

அப்போதுதான், ஆலைக்கு வெளியே வந்த அப்பாவிடமிருந்து போன் வந்தது. முதலாளி எல்லாருக்கும் கேட்கும்படி வைத்து, பெரியப்பா வந்திருப்பதைச் சொன்னார்.

“அண்ணன் வந்துட்டாரா? அப்ப கவலைய விடுங்க சார். எனக்குத் தொழில் சொல்லிக்குடுத்ததே அவர்தான்” என்றது அப்பாவின் குரல்.

போனை வைத்ததும் முதலாளி தலையை ஆட்டி வியந்தார். “என்ன மனுஷன் பாத்தீங்களா! எவ்வளவு பெருந்தன்மை! உங்க சகலை மாதிரி ஆளைப் பாக்குறது கஷ்டம்.”

வியர்வையில் நனைந்த சலவைச் சட்டையோடு பெரியப்பா நின்றிருந்தார். டிஸ்க்கைப் பிழைக்கவைத்தது அவர், உண்மையைச் சொன்னது அவர், பாராட்டு மட்டும் வெளியூரில் இருந்தவருக்குப் போய்விட்டது. அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது.

முற்றத்துக் கேமராக்களை நல்ல டிஸ்க்குக்கு மாற்றி, கேபிள்களை மறுபடி செருகினார். எல்லாக் கேமராவும் ஒரே டிஸ்க்கில் எழுதுவதால் பழைய பதிவு சீக்கிரம் அழியும், வேறு டிஸ்க் வந்தால்தான் சரியாகும் என்று முதலாளிக்கு விளக்கினார். வெளியே வந்ததும் என்னிடம் கேட்டார்.

“உங்கப்பன் எத்தனை மணி பஸ்ல வர்றான்?”

“ஆறு மணி ஆகும் பெரியப்பா. நாளைக்கு வந்து புது டிஸ்க் மாட்டிடுவாரு.”

“நாளைக்கா?” வண்டியை உதைத்துக் கிளப்பினார். “ஏறு. கடை மூடுறதுக்குள்ள நல்ல டிஸ்க்கா வாங்கிட்டு வந்து நானே மாட்டுறேன். அவன் வந்து பாக்கும்போது அவனுக்கு அங்க ஒரு வேலையும் இருக்கக்கூடாது.”